பழைய ரிலையன்ஸ் போனில் ஏர்டெல் ஏன் எடுக்காது? ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ ரெண்டுக்கும் வித்தியாசத்தைச் சுருக்கமா சொல்லுங்க.

இரண்டுமே செல்பேசியும் டவரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைகள். ஏர்டெல் ஜிஎஸ்எம், பழைய ரிலையன்ஸ் போன் சிடிஎம்ஏ. ஒரு டவரைச் சுற்றி ஒரே நேரத்தில் நிறைய பேர் பேசுகிறார்கள். அத்தனை பேருக்கும் இருப்பதோ கொஞ்சம் அலைவரிசைதான். அதை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதில் இரண்டும் வேறு வழியில் போகின்றன. ஜிஎஸ்எம் நேரத்தைத் துண்டு போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு கொடுக்கிறது. சிடிஎம்ஏ எல்லோரையும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேச விட்டு, ஆளுக்கு ஒரு குறியீடு கொடுத்துப் பிரித்தெடுக்கிறது.

இது வானொலி அலையில் உள்ள வித்தியாசம். இன்னொன்றும் இருக்கிறது: வாடிக்கையாளரை அடையாளம் காணும் முறை. ஜிஎஸ்எம்மில் அடையாளம் சிம் அட்டையில் இருக்கும். பழைய சிடிஎம்ஏவில் அது போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். நம் ஊரில் பலரைக் கடுப்பேற்றியது இந்த இரண்டாவது விஷயம்தான்.

ஜிஎஸ்எம்ல நேரத்தைத் துண்டு போடுறாங்கன்னா, பேச்சு விட்டு விட்டுத்தானே கேக்கணும்?

துண்டுகள் அவ்வளவு சிறியவை, அதனால் காதுக்குத் தெரியாது. ஜிஎஸ்எம்மின் ஓர் அலைத்தடம் 200 கிலோஹெர்ட்ஸ் அகலம். அதில் 4.615 மில்லி நொடிக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எட்டுத் துண்டுகள். உங்கள் போனுக்கு மூன்றாவது துண்டு ஒதுக்கப்பட்டால், அது சுமார் 0.577 மில்லி நொடி மட்டும் அலையை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அடுத்த சுற்றில் தன் முறை வந்ததும் மீண்டும் அனுப்பும். குரலை முன்பே எண்களாக மாற்றிச் சுருக்கி வைத்திருப்பதால், அந்தச் சின்ன இடைவெளிக்குள் அது அடங்கிவிடும். மறுமுனையில் விரித்துத் தொடர்ச்சியான பேச்சாக்கிவிடுவார்கள்.

இதை நீங்களே கேட்டிருக்கிறீர்கள். அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால், டிவிக்கோ கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கோ பக்கத்தில் வைத்த போனால் 'டட்-டட-டட்-டட' என்று ஒரு இரைச்சல் வருமே, அது இந்தத் துண்டுகளின் சத்தம். 4.615 மில்லி நொடிக்கு ஒரு முறை என்றால் நொடிக்குச் சுமார் 217 முறை போன் அலையைப் பாய்ச்சி நிறுத்துகிறது. ஸ்பீக்கரின் கம்பிகள் அதை வாங்கி, காதுக்குக் கேட்கும் ஒலியாக்கிவிடுகின்றன. சிடிஎம்ஏ போன் பேசும்போது இப்படி அடித்து அடித்து நிறுத்துவதில்லை என்பதால், ரிலையன்ஸ் போன் வைத்திருந்தவர்கள் வீட்டு டிவிக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை.

சரி, சிடிஎம்ஏல எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே அலைவரிசையில பேசினா கலந்துடாதா? குறியீடு வெச்சு எப்படிப் பிரிக்கிறாங்க?

கலக்கத்தான் செய்யும். கலந்ததிலிருந்து பிரிக்க முடியும் என்பதுதான் இதன் சூட்சுமம். சின்னக் கணக்கு ஒன்று போட்டால் புரிந்துவிடும்.

அ, ஆ என்று இரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் நான்கு எண்கள் கொண்ட ஒரு குறியீடு. 'ஆம்' என்று சொல்ல வேண்டுமானால் தன் குறியீட்டை அப்படியே அனுப்ப வேண்டும். 'இல்லை' என்றால் குறியீட்டின் கூட்டல், கழித்தல் குறிகளைத் தலைகீழாக்கி அனுப்ப வேண்டும். இப்போது அ 'ஆம்' என்கிறார், ஆ 'இல்லை' என்கிறார்:

```
அ-வின் குறியீடு   : +1 -1 +1 -1
ஆ-வின் குறியீடு  : +1 +1 -1 -1

அ அனுப்புவது (ஆம்)    : +1 -1 +1 -1
ஆ அனுப்புவது (இல்லை) : -1 -1 +1 +1
காற்றில் கலந்தது       :  0 -2 +2  0
```

வந்து சேர்வது அந்தக் கடைசி வரி மட்டும்தான். யார் என்ன சொன்னார்கள் என்று அதைப் பார்த்தால் தெரியாது. அதை அ-வின் குறியீட்டோடு ஒவ்வோர் எண்ணாகப் பெருக்கிக் கூட்டுங்கள்: 0 + 2 + 2 + 0 = 4. நான்கால் வகுத்தால் +1, அதாவது 'ஆம்'. ஆ-வின் குறியீட்டோடு பெருக்கிக் கூட்டினால் 0 − 2 − 2 + 0 = −4, வகுத்தால் −1, அதாவது 'இல்லை'. இந்தப் பேச்சில் கலந்துகொள்ளாத மூன்றாம் ஆளின் குறியீடு +1 −1 −1 +1 என்று வைத்துப் பாருங்கள்: 0 + 2 − 2 + 0 = 0. ஒன்றுமே வராது.

உண்மையான சிடிஎம்ஏவில் நான்கு எண்களுக்குப் பதில் 64 எண்கள் கொண்ட 64 குறியீடுகளை டவர் வைத்திருக்கும். நொடிக்கு 12,28,800 எண்கள் என்ற வேகத்தில் இந்தப் பெருக்கல் நடக்கும். அந்த வேகத்தால்தான் ஒரு சிடிஎம்ஏ அலைத்தடத்துக்கு 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்படுகிறது. ஜிஎஸ்எம் தடத்தைவிட இது ஆறு மடங்குக்கும் மேல் அகலம். சரியான குறியீடு கையில் இல்லாதவருக்கு இந்த அலை வெறும் இரைச்சல். அடுத்த கேள்விக்கு இதை நினைவில் வையுங்கள்.

என்கிட்ட 2004ல வாங்கின ரிலையன்ஸ் போன் இருந்துச்சு. அதை அப்போ ஏர்டெல்லுக்கு மாத்தியிருக்க முடியுமா?

முடியாது. அந்தப் போனில் ஏர்டெல் சிம்மைச் செருக இடமே இல்லை என்பதை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். எப்படியோ அதைச் சமாளித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டு, போனை ஆன் செய்ததும் என்ன நடக்கும் என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு ஜிஎஸ்எம் போன் என்ன செய்யும்? தனக்குத் தெரிந்த அலைவரிசைகளை வரிசையாக நோட்டம் விட்டு, எங்கே சத்தம் வலுவாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். அப்புறம் அவற்றில் ஒரு தனிச் சுருதியைத் தேடும். ஜிஎஸ்எம் டவர்கள் குறிப்பிட்ட இடைவெளிகளில் அந்த ஒற்றைச் சுருதியை மட்டும் அனுப்பும். போன் தன் அலைவரிசையைத் திருத்திக்கொள்வதற்காகவே அந்த ஏற்பாடு. அது கிடைத்ததும் சுற்று எங்கே தொடங்குகிறது என்று கணக்கிட்டு, டவர் ஓயாமல் ஒலிபரப்பும் தகவலைப் படிக்கும். 'நான் இந்த நாட்டின் இன்ன நிறுவனம்' என்று அதில் இருக்கும். சிம்மில் உள்ள நிறுவனத்தோடு அது பொருந்தினால், போன் தன்னைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கும்.

உங்கள் ரிலையன்ஸ் போனுக்கு இந்தச் சுருதியைப் பற்றி எதுவும் தெரியாது. அது தேடுவது வேறு: 32,768 எண்கள் கொண்ட ஒரு நீண்ட வரிசை. எல்லா சிடிஎம்ஏ டவர்களும் 26.67 மில்லி நொடிக்கு ஒரு முறை அதே வரிசையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஆனால் ஒவ்வொரு டவரும் கொஞ்சம் தள்ளித் தொடங்கும். எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் இது எந்த டவர் என்று போன் கண்டுபிடிக்கும். இந்தக் கணக்கு பிசகக் கூடாது என்பதற்காக, சிடிஎம்ஏ டவர்கள் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கிக்கொள்ளும்.

ஆக, உங்கள் போன் காற்றில் உள்ளதையெல்லாம் அந்த வரிசையோடு பெருக்கிப் பார்க்கும். பக்கத்திலேயே ஏர்டெல் டவர் முழு வலுவோடு நின்றாலும், பெருக்கிக் கூட்டினால் மிஞ்சுவது பூஜ்யத்தைச் சுற்றிய இரைச்சல்தான். திரையில் 'No Service' என்று வரும். போன் சற்று ஓய்ந்து, மறுபடி தேடும், மறுபடி ஓயும். எதிர்ப்பக்கமும் இதே கதைதான். ஒரு நோக்கியா 1100-ஐ சிடிஎம்ஏ டவரின் அடியில் கொண்டு வைத்தாலும், அதற்குத் தெரிந்த சுருதி எங்கும் கேட்காது.

நிறுவனம் பூட்டு போட்டதால் வரும் சிக்கல் இல்லை இது. அதனால் 'அன்லாக்' செய்தாலும் மாறாது. அலையை வாங்கிப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்வது போனுக்குள் இருக்கும் சிப். அந்தக் காலத்து மலிவுப் போன்களில் ஒரு முறைக்கான சிப் மட்டும்தான் இருக்கும்.

அலைவரிசை வேற வேறன்னுதானே வேலை செய்யல? ஒரே அலைவரிசையா இருந்திருந்தா?

நம் நாட்டில் அலைவரிசையும் வேறாக இருந்தது உண்மை. ஜிஎஸ்எம் 900, 1800 மெகாஹெர்ட்ஸிலும் சிடிஎம்ஏ 800 மெகாஹெர்ட்ஸிலும் இயங்கின. அதனால் இதுவே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள்.

அமெரிக்காவைப் பார்த்தால் இது தவறு என்று தெரிந்துவிடும். அங்கே வெரைசான் சிடிஎம்ஏ நிறுவனம், ஏடி&டி ஜிஎஸ்எம் நிறுவனம். இரண்டுமே 850, 1900 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளைத்தான் பயன்படுத்தின. அப்படியும் ஒன்றின் போன் இன்னொன்றில் எடுக்கவில்லை. ஒரே பட்டையாக இருந்தாலும் அலையின் அமைப்பு வேறு என்றால் பயனில்லை.

ரிலையன்ஸ் போன்ல சிம்மே கிடையாதே, அப்போ நம்பர் எங்க இருந்துச்சு?

போனின் நினைவகத்திலேயே. ஒவ்வொரு சிடிஎம்ஏ போனுக்கும் தொழிற்சாலையிலேயே இஎஸ்என் என்ற ஒரு வரிசை எண் பதிக்கப்படும். நீங்கள் இணைப்பு வாங்கும்போது, அந்த எண்ணை நிறுவனம் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும். அப்புறம் உங்கள் தொலைபேசி எண், ரகசியச் சாவி, எந்தெந்த அலைவரிசைகளில் எந்த நிறுவனத்தைத் தேட வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் போனுக்குள் எழுதப்படும். அழைப்பு வரும்போதெல்லாம் நிறுவனம் தொலைபேசி எண்ணையும் போனின் வரிசை எண்ணையும் சேர்த்தே ஒப்பிடும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. போனிலிருந்து டவருக்குப் போகும் அலையைக் குழப்பிப் பரப்ப ஒரு மிக நீண்ட குறியீடு பயன்படும். ஒவ்வொரு போனுக்கும் அந்தக் குறியீட்டில் தன் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதே இஎஸ்என் தான். அதாவது வரிசை எண் பதிவேட்டோடு நின்றுவிடவில்லை. போன் அனுப்பும் அலையிலேயே கலந்திருந்தது.

ஜிஎஸ்எம் இதற்கு நேர் எதிர். போனுக்கும் ஐஎம்இஐ என்ற வரிசை எண் உண்டு. ஆனால் உங்களை யாரென்று நிரூபிப்பது அது இல்லை. சிம்மில் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதே சாவியின் நகல் நிறுவனத்திடமும் இருக்கிறது. டவர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். சிம் தன் சாவியால் அதை உருமாற்றி ஒரு விடையைத் தரும். நிறுவனமும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டு, இரண்டு விடையும் ஒன்றானால் ஏற்றுக்கொள்ளும். சாவி அட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை. இந்த ஏற்பாட்டில் போன் வெறும் தூதுவன். அதனால்தான் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் எண்ணும் கூடவே போய்விடுகிறது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சிடிஎம்ஏவில் போன் பழுதானால் நிறுவனத்தின் கடைக்குப் போய், புது போனின் எண்ணைப் பதிவேட்டில் மாற்றச் சொல்லி, அதன் பிறகு உங்கள் எண்ணை அதில் எழுதி வாங்க வேண்டும். தொடர்பு எண்கள் எல்லாம் பழைய போனிலேயே கிடக்கும்.

டாடா இண்டிகாமும் சிடிஎம்ஏ, ரிலையன்ஸும் சிடிஎம்ஏ. அந்த ரெண்டுக்குள்ளயாவது மாத்தியிருக்கலாமே?

அலை அளவில் தடையில்லை. ஒரு ரிலையன்ஸ் போன் டாடா டவரின் அலையைப் பிரித்துப் படிக்கக் கூடியதுதான். இங்கே சிக்கல் காகிதத்தில் இருந்தது. போனின் வரிசை எண் நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தால்தான் இணைப்பு. தான் விற்காத போனின் எண்ணை ஏற்ற நிறுவனத்துக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அதோடு போனுக்குள் இருக்கும் பட்டியலும் மென்பொருளும் விற்ற நிறுவனத்துக்காகவே எழுதப்பட்டவை. அவற்றை மாற்றுவதற்கான கடவு எண்ணும் அந்த நிறுவனத்திடம்தான். அமெரிக்காவிலும் ஸ்பிரின்ட் என்ற சிடிஎம்ஏ நிறுவனத்தின் போனை வெரைசானில் இணைப்பது இதே காரணத்தால் பெரும்பாடாக இருந்தது.

ஆக, 'சிடிஎம்ஏ போன் ஜிஎஸ்எம்மில் ஓடாது' என்பதற்குப் பொறியியல் காரணம் உண்டு. 'ஒரு சிடிஎம்ஏ போன் இன்னொரு சிடிஎம்ஏ நிறுவனத்தில் ஓடாது' என்பதற்குக் காரணம் வியாபாரம். இந்த இரண்டையும் மக்கள் ஒன்றாகவே பேசியதால்தான் 'சிடிஎம்ஏன்னாலே அப்படித்தான்' என்ற பேச்சு நிலைத்துவிட்டது. போனை மலிவு விலைக்கும் தவணைக்கும் கொடுத்த நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் அதே போனோடு போட்டியாளரிடம் போகாமல் இருப்பது சௌகரியமாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் சிடிஎம்ஏ போன்லயும் சிம் மாதிரி ஒரு அட்டை வந்துச்சே?

வந்தது. ஆர்-யுஐஎம் என்று பெயர். அளவில் சிம்முக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. போனுக்குள் எழுதி வைத்த விவரங்களை அட்டைக்கு இடம் மாற்றியதுதான் அதன் வேலை. போன் மாற்றுவது அதனால் எளிதானது.

ஆனால் அதை ஒரு ஜிஎஸ்எம் போனில் செருகினால் இரண்டில் ஒன்று நடக்கும். அட்டையில் ஜிஎஸ்எம்முக்கான கோப்புகள் இல்லாவிட்டால், போன் அட்டையையே ஏற்காமல் சிம் பிழை காட்டும். கோப்புகள் இருந்தால் அட்டையை ஏற்கும், ஆனால் அட்டைக்குச் சொந்தமான சிடிஎம்ஏ டவரை அந்தப் போனால் பிடிக்க முடியாது. அட்டை மாறலாம், போனுக்குள் இருக்கும் சிப் மாறாதே.

அமெரிக்காவுல இருந்து மாமா வெரைசான் ஐபோன் 4 கொண்டு வந்தார். அதுல சிம் போடுற இடமே இல்ல. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்று இல்லை, அந்த மாடலே அப்படித்தான். ஐபோன் 4 முதலில் ஜிஎஸ்எம் போனாக 2010-இல் வந்தது. வெரைசானுக்காக 2011 பிப்ரவரியில் தனியாக ஒரு சிடிஎம்ஏ வடிவம் வந்தது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஜிஎஸ்எம் ஐபோனின் பக்கவாட்டில் சிம் தட்டு இருக்கும், வெரைசான் ஐபோனில் இருக்காது. பின்பக்கம் A1332 என்று இருந்தால் ஜிஎஸ்எம், A1349 என்று இருந்தால் சிடிஎம்ஏ.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த சிடிஎம்ஏ ஐபோனுக்குள் இருந்த குவால்காம் சிப் ஜிஎஸ்எம்மையும் கையாளக் கூடியது. போனைப் பிரித்துப் பார்த்தவர்கள் அன்றே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் சிப் மட்டும் போதாது. சிம் செருகும் இடம் வேண்டும், அந்தந்தப் பட்டைக்கான ஆன்டெனாவும் வடிகட்டிகளும் வேண்டும், மென்பொருளும் அனுமதிக்க வேண்டும். இவை இல்லாததால் இந்தியாவில் ஜிஎஸ்எம் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு அது வைஃபையில் ஓடும் ஒரு சின்னத் திரையாக மட்டுமே பயன்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஐபோன் 4எஸ் இரண்டு முறைகளையும் ஒரே உடலுக்குள் கொண்டிருந்தது. அதற்கு முன்பே 2007-இல் பிளாக்பெர்ரி 8830 இப்படி இரண்டையும் தாங்கி வந்தது. அமெரிக்காவில் சிடிஎம்ஏ, வெளிநாடு போனால் ஜிஎஸ்எம் சிம். அடிக்கடி விமானம் ஏறும் அலுவலர்களுக்கான போன் என்பதால் விலையும் அதற்குத் தகுந்தாற்போல்.

இந்தியா ஏற்கனவே ஜிஎஸ்எம்ல இருந்துச்சு. நடுவுல எதுக்கு சிடிஎம்ஏ?

உரிமத்தின் வழியாக அது உள்ளே வந்தது. இந்தியாவில் செல்பேசிச் சேவை 1995-இல் தொடங்கியபோது, செல்பேசி உரிமம் பெற்றவர்கள் ஜிஎஸ்எம்மில்தான் நடத்தினார்கள். தரைவழித் தொலைபேசிக்கான உரிமம் தனி. வீடுவீடாகக் கம்பி இழுப்பதற்குப் பதில் கம்பியில்லாமல் கடைசித் தூரத்தைக் கடக்கலாம் என்ற ஏற்பாட்டில் சிடிஎம்ஏ நுழைந்தது. 2001 ஜனவரியில் அரசு இந்தத் தரைவழி நிறுவனங்களுக்கு 'வரம்புக்குட்பட்ட நகர்வு' என்ற அனுமதியைக் கொடுத்தது. அதாவது கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளூர் வட்டத்துக்குள் நடமாடலாம். செல்பேசி நிறுவனங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. 'நாங்கள் பெரும் தொகை கட்டி உரிமம் வாங்கினோம், இவர்கள் பின்வாசல் வழியாக வருகிறார்கள்' என்பது அவர்கள் வாதம்.

ரிலையன்ஸ் 2002 டிசம்பர் இறுதியில் தொடங்கி, 2003-இல் 501 ரூபாய் முன்பணத்துக்குப் போனோடு இணைப்பு கொடுத்தது. அதுவரை போன் பக்கமே போகாத குடும்பங்கள் முதல் முறையாக வாங்கியது அப்போதுதான். அந்த ஆண்டு நவம்பரில் ஒருங்கிணைந்த உரிமம் வந்து, உள்ளூர் வட்டக் கட்டுப்பாடு போய்விட்டது. 2007-இல் ஒரே நிறுவனம் இரண்டு முறைகளையும் நடத்தலாம் என்று அரசு அனுமதித்ததும், ரிலையன்ஸும் டாடாவும் தாங்களே ஜிஎஸ்எம்முக்குக் கிளம்பின. 2009-இல் டாடா டோகோமோ வந்தது நினைவிருக்கும். சிடிஎம்ஏவை வளர்த்தவர்களே அடுத்த வாடிக்கையாளரை ஜிஎஸ்எம்மில் சேர்க்கத் தொடங்கிய பிறகு, அதற்குப் புதுப் போன்கள் வருவது குறைந்தது.

இலங்கையில் கதை சற்று வேறு. அங்கே சிடிஎம்ஏ என்றால் பெரும்பாலும் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி. மேசை மேல் ஆன்டெனாவோடு உட்கார்ந்திருக்கும். செல்பேசி ஜிஎஸ்எம்மிலேயே இருந்ததால், 'இந்தப் போனை அந்த நிறுவனத்துக்கு மாற்றலாமா' என்ற தலைவலி அங்கே அதிகம் எழவில்லை.

தொழில்நுட்பமா பாத்தா எது உசத்தி?

காற்றைப் பங்கிடுவதில் சிடிஎம்ஏ புத்திசாலி. ஜிஎஸ்எம்மில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே அலைத்தடத்தைப் பயன்படுத்த முடியாது, மோதிவிடும். சிடிஎம்ஏவில் எல்லா டவர்களும் ஒரே தடத்தில் இயங்கலாம். ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது போன் இரண்டோடும் ஒரே நேரத்தில் தொடர்பில் இருக்க முடியும்.

அதற்கு விலையும் உண்டு. டவருக்கு அடியில் நிற்பவரின் போனும் மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்பவரின் போனும் ஒரே வலுவில் அனுப்பினால், பக்கத்தில் இருப்பவரின் இரைச்சலில் தூரத்தில் இருப்பவர் மூழ்கிவிடுவார். அதனால் டவர் ஒவ்வொரு போனிடமும் நொடிக்கு 800 முறை 'கூட்டு, குறை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆள் கூடக் கூட மொத்த இரைச்சல் ஏறி, டவரின் எல்லையும் சுருங்கும். காலையில் வீட்டின் பின்கட்டில் எடுத்த சிக்னல் மாலையில் காணாமல் போக இதுவும் ஒரு காரணம்.

வாங்குபவர் பக்கம் நின்று பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை, ஜிஎஸ்எம்தான். போனை உங்கள் விருப்பத்துக்கு வாங்கலாம், விற்கலாம், சிம்மை மாற்றலாம்.

3ஜி-யும் சிடிஎம்ஏ-ன்னு எங்கேயோ படிச்சேன். அப்போ ஜிஎஸ்எம் தோத்துப் போச்சா?

படித்தது பாதி சரி. ஜிஎஸ்எம் குடும்பத்தின் 3ஜி, குறியீட்டால் பிரிக்கும் அதே உத்தியை எடுத்துக்கொண்டது. ஆனால் 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், வேறு வேகத்தில், வேறு விதிகளோடு. பெயர் டபிள்யூசிடிஎம்ஏ. அடையாளமும் சிம் முறையும் ஜிஎஸ்எம் வழியிலேயே தொடர்ந்தன. எனவே ஒரு பழைய ரிலையன்ஸ் சிடிஎம்ஏ போன் ஏர்டெல் 3ஜியிலும் எடுக்காது. உத்தி ஒன்று, அமைப்பு வேறு. கடைப் பேச்சில் 'சிடிஎம்ஏ போன்' என்றால் அது குவால்காம் வழி வந்த பழைய முறையைத்தான் குறிக்கும்.

வீட்ல கிடக்கிற பழைய போன் எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேட்டரியைக் கழற்றி உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ஐஎம்இஐ என்று 15 இலக்கங்கள் இருந்தால் ஜிஎஸ்எம். இஎஸ்என் அல்லது அதற்குப் பின் வந்த எம்இஐடி என்ற வரிசை எண் மட்டும் இருந்தால் சிடிஎம்ஏ. எம்இஐடி 14 இடங்கள் கொண்டது. இலக்கங்களோடு A முதல் F வரை எழுத்துகளும் கலந்து வரும். இரண்டு எண்களும் இருந்தால் இரண்டு முறைகளையும் தாங்கும் போனாக இருக்கலாம். பழைய சாம்சங் என்றால் மாடல் பெயரே சொல்லிவிடும்: SGH என்று தொடங்கினால் ஜிஎஸ்எம், SCH என்றால் சிடிஎம்ஏ. போன் ஆன் ஆகிறது என்றால் `*#06#` அழுத்தியும் பார்க்கலாம். ஜிஎஸ்எம் போன் உடனே ஐஎம்இஐயைக் காட்டும், மிகப் பழைய சிடிஎம்ஏ போன் ஒன்றும் காட்டாமல் போகலாம்.

சிம் இடம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அது ஆர்-யுஐஎம் இடமாகவும் இருக்கலாம்.

யாராவது ஃப்ளாஷ் பண்ணி ஜிஎஸ்எம்-ஆ மாத்தித் தருவாங்களா?

ஒற்றை முறைப் போனுக்கு முடியாது. ஃப்ளாஷ் செய்வது மென்பொருளை மாற்றுவது மட்டும்தான். சிடிஎம்ஏ போனை இன்னொரு சிடிஎம்ஏ நிறுவனத்துக்கு மாற்ற ஒரு காலத்தில் அது உதவியது. இல்லாத சிப்பை அது கொண்டு வராது. மாற்றித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்ப அந்தப் போனை எங்கயாவது பயன்படுத்த முடியுமா?

ஜிஎஸ்எம் போன் என்றால் முடியும். ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் ஆகியவற்றின் 2ஜி இருக்கும் இடங்களில் பழைய நோக்கியா இன்றும் பேசும். ஜியோவில் 2ஜியே கிடையாது, அதனால் ஜியோ சிம் போட்டால் எடுக்காது. இங்கேயும் பழைய பாடம்தான்: சிம் செருக முடிகிறது என்பதாலேயே டவர் பேசும் முறை போனுக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

சிடிஎம்ஏ போன் என்றால் பேசுவதற்கு வழியில்லை. இந்தியாவின் பெரிய சிடிஎம்ஏ சேவைகள் 2010-களின் பிற்பாதியில் மூடப்பட்டன. அமெரிக்காவில் ஸ்பிரின்டின் சிடிஎம்ஏ 2022-இன் முதல் பாதியிலும், வெரைசானுடையது அந்த ஆண்டு இறுதியிலும் நின்றுபோயின. அலாரம், டார்ச், பாம்பு விளையாட்டு இவற்றுக்குத்தான் இனி அது.

சிடிஎம்ஏ ஓடின அந்த 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்ன ஆச்சு?

அதே பட்டையில் இப்போது ஜியோவின் 4ஜி ஓடுகிறது. போன் விவரங்களில் பேண்ட் 5 என்று பார்ப்பது அதுதான். தாழ்ந்த அலைவரிசை என்பதால் சுவர்களுக்குள் நன்றாக நுழையும், கிராமப்புறத்தில் ஒரு டவர் நெடுந்தூரம் எட்டும். உங்கள் அலமாரியில் இருக்கும் ரிலையன்ஸ் போனின் ஆன்டெனாவும் அந்தப் பட்டைக்காகச் செய்யப்பட்டதுதான். இன்று அதை ஆன் செய்தால் அந்த அலை உள்ளே வரும், ஆனால் அதில் அது தேடும் 32,768 எண் வரிசை இருக்காது.